ஜெர்மன் சக ஊழியரின் விமர்சனத்தைத் தமிழில் கொடுக்கும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஜெர்மன்–தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஜெர்மன் தரப் பொறியாளர் எங்கள் வெல்டிங் டெக்னீஷியன்களின் வேலையைப் பற்றி எழுதுவதை அப்படியே தமிழில் கொடுத்தால் மனம் நொந்துபோகிறார்கள். பதமாகக் கொடுத்தால் யாரும் திருத்துவதில்லை. நான் எந்த அளவுக்கு மாற்றலாம்?

பதில்: எது தவறு, அது எவ்வளவு பெரிய தவறு, எப்போதைக்குள் என்ன செய்ய வேண்டும் ஆகிய மூன்றையும் நீங்கள் இம்மியும் மாற்றக் கூடாது. எப்படி விளிப்பது, செய்தவரை வாக்கியத்தில் காட்டுவதா மறைப்பதா, எதை முதலில் சொல்வது, கேள்வியை எந்த வடிவில் கேட்பது ஆகியவற்றைத் தமிழின் வழக்கப்படி மாற்றியே ஆக வேண்டும். இவற்றை மாற்றுவது எழுதியவருக்குச் செய்யும் துரோகம் என்று சில மொழிபெயர்ப்பாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜெர்மன் மொழியில் கோபமே இல்லாத ஒரு வாக்கியம், சொல்லுக்குச் சொல் தமிழில் வந்தபின் கோபமாகக் கேட்கிறது என்றால், அங்கே எழுதியவர் சொல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பு புதிதாகச் சேர்த்துவிட்டது என்றுதான் பொருள்.

ஒரு விமர்சனம் கேட்பவர் மீது எவ்வளவு பாரமாக இறங்கும் என்பதைக் கணிக்க, பெனிலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்டு, 1987-இல் தனி நூலாக விரித்த கோட்பாடு இன்றும் பயன்படுகிறது. அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். மற்றவை ஆங்கிலமும் மெக்சிகோவின் த்ஸெல்டால் மொழியும். இருவருக்கும் இடையிலுள்ள பழக்கத்தின் தூரம், ஒருவர் மீது மற்றவருக்குள்ள அதிகாரம், சொல்லப்படும் விஷயம் அந்தப் பண்பாட்டில் எவ்வளவு பெரிதாக எண்ணப்படுகிறது என்ற மூன்றும் கூடித்தான் பாரத்தைத் தீர்மானிக்கின்றன என்பது அவர்களது வாதம். உங்கள் சிக்கலுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஜெர்மன் பொறியாளர் தம்மை டெக்னீஷியனின் சக ஊழியராகவே எண்ணி எழுதுகிறார். டெக்னீஷியனோ அவரை வெளிநாட்டிலிருந்து வந்த மேலதிகாரியாகப் பார்க்கிறார். மேலும், வேலையில் குறை சொல்வதை ஜெர்மன் அலுவலகங்களில் பலரும் அன்றாட வேலையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். நம் தொழிற்கூடங்களில் அது ஆளின் மதிப்பைத் தொடும் காரியம். ஆக, எழுதியவர் கணக்கில் லேசாக இருந்த வாக்கியம் படிப்பவர் கணக்கில் பல மடங்கு கனத்துவிடுகிறது.

ஒரு மாதிரிக் கடிதத்தை வைத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். ஜெர்மன் பொறியாளர் எழுதியது சொல்லுக்குச் சொல் தமிழில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: “சோதனை அறிக்கை இப்படிப் பயன்படாது. மூன்று த்ரோட் அளவுகள் இல்லை. வெல்டிங் வரிசை திட்டப்படி இல்லை, மூன்றாவது இணைப்புக்கு முன்பு நான்காவது. ஏன் இது தெரிவிக்கப்படவில்லை? தயவுசெய்து வெள்ளிக்கிழமைக்குள் திருத்தவும். வெல்டிங் பரவாயில்லை.” இதைப் படிக்கும் டெக்னீஷியன், தம் அறிக்கையும் தாமும் ஒன்றுக்கும் உதவாதவர்கள், செய்த வெல்டிங்கும் ஏதோ சுமார் ரகம் என்றே முடிவு கட்டுவார். ஜெர்மன் மூலத்திலோ இந்த இரண்டுமே இல்லை.

முதல் வாக்கியத்தில் ‘சோ’ என்ற ஒரு சிறு சொல் இருக்கிறது. ‘இந்த வடிவில்’, ‘இப்போது இருக்கும் நிலையில்’ என்பது அதன் பொருள். குறைபாடு ஆளிடத்திலும் இல்லை, அறிக்கை முழுவதிலும் இல்லை, அதன் தற்போதைய நிலையில்தான் உள்ளது என்று வரம்பு கட்டுவதே அந்தச் சொல்லின் வேலை. தமிழில் ‘பயன்படாது’, ‘உபயோகமில்லை’ என்றெல்லாம் எழுதினால் அந்த வரம்பு உடைந்துபோகிறது, ஏனென்றால் நாம் மனிதர்களைப் பற்றியும் அதே சொற்களைப் பயன்படுத்துகிறோம். “இந்த அறிக்கையை இப்போதுள்ள வடிவில் ஏற்க இயலாது” என்பதே சரியான எடை. இங்கே ‘ஏற்க இயலாது’ என்ற கடுமையை நான் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘இன்னும் கொஞ்சம் மேம்படுத்தலாம்’ என்று எழுதியிருந்தால் அறிக்கை ஏற்கப்பட்டுவிட்டது என்ற எண்ணம் வந்திருக்கும். பதமாகக் கொடுத்தால் யாரும் திருத்துவதில்லை என்கிறீர்களே, அதன் காரணம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும்.

அடுத்து, விடுபட்ட அளவுகள். த்ரோட் அளவு என்பது வெல்டிங் இணைப்பின் பருமனைக் குறிப்பது. இங்கே தமிழ் நமக்குத் தரும் வசதி பெரிது. ‘விட்டுவிட்டீர்கள்’ என்றால் செய்தவர் முன்னால் வந்து நிற்கிறார்; ‘விடுபட்டுள்ளன’ என்றால் நிகழ்ந்தது மட்டும் நிற்கிறது. ‘மாற்றிவிட்டீர்கள்’ – ‘மாறியுள்ளது’, ‘உடைத்துவிட்டீர்கள்’ – ‘உடைந்துள்ளது’ என்று தன்வினையும் பிறவினையுமாக இணை இணையாகக் கிடைக்கும் வினைச்சொற்கள் தமிழில் ஏராளம். ஜெர்மன் மூலம் ‘மூன்று த்ரோட் அளவுகள் இல்லை’ என்று எழுவாயாக எந்த மனிதரையும் வைக்காமல் பேசும்போது, தமிழில் ‘நீங்கள்’ என்று ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்த உங்களுக்கு உரிமை இல்லை. “த்ரோட் அளவுகளில் மூன்று விடுபட்டுள்ளன” என்று எழுதினால் உண்மை முழுதாக நிற்கிறது, ஆளைச் சுட்டும் விரல் மட்டும் இல்லை. பேசிப் பழகிய வேகத்தில் நாம் பிறவினையை எழுதிவிடுகிறோம். கடிதம் காயப்படுத்தியது என்று புகார் வந்தால், நான் முதலில் தேடிப் பார்ப்பது இந்த வினைச்சொற்களைத்தான்.

ஆனால் இதே உத்தியை எங்கும் பயன்படுத்த முடியாது. வெல்டிங் வரிசை மாறியதை எடுத்துக்கொள்ளுங்கள். சூட்டினால் பாகம் வளையாமல் இருக்க எந்த இணைப்பை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்று திட்டத்தில் குறித்திருப்பார்கள். மூன்றாவது இணைப்புக்கு முன்பே நான்காவதைப் போட்டிருந்தால், அது தானாக மாறியதல்ல. யாரோ முடிவெடுத்து மாற்றியது. வரிசையை மாற்றியவரே அடுத்த முறை மாற்றாமல் இருக்க வேண்டும் என்பதால், செய்தவரை முழுதாக மறைத்துவிட்டால் திருத்தமும் மறைந்துவிடும். “மூன்றாவது இணைப்புக்கு முன்பு நான்காவது போடப்பட்டுள்ளது, திட்டத்திலுள்ள வரிசையிலேயே போட வேண்டும்” என்று செயப்பாட்டு வினையில் தவறையும், அதன் பக்கத்திலேயே வெளிப்படையான கட்டளையையும் வைப்பது நல்லது. பின்பாதி கறாராக இருக்கட்டும். வேலையைப் பற்றிய கறாரான கட்டளை யாரையும் புண்படுத்தியதாக நான் பார்த்ததில்லை. கடந்த காலத்தைப் பற்றிய குற்றச்சாட்டுத்தான் புண்படுத்துகிறது.

இந்தக் கடிதத்தில் மிகவும் ஆபத்தான வாக்கியம் ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விதான். ஜெர்மன் பொறியாளர் காரணத்தைத் தெரிந்துகொள்ளவே அதைக் கேட்கிறார். பதில் கிடைத்தால், தவறு எந்த இடத்தில் நுழைந்தது என்று கண்டுபிடித்து அந்த இடத்தை அடைக்கலாம் என்பது அவர் நோக்கம். தமிழில் மேலிடத்திலிருந்து வரும் ‘ஏன் சொல்லவில்லை?’ என்பது பதிலை எதிர்பார்க்கும் கேள்வி அல்ல, அது கண்டிப்பு. அதற்கு நம் ஊரில் உரிய பதில் தலையைக் குனிந்து ‘மன்னிச்சிடுங்க சார்’ என்பதுதான். காரணம் சொன்னால் ‘எதிர்த்துப் பேசுகிறான்’ ஆகிவிடும். எனவே இங்கே கேள்வியின் வடிவத்தையே மாற்றுவது உங்கள் கடமை: “இது முன்கூட்டியே தெரிவிக்கப்படவில்லை. எதனால் தெரிவிக்க முடியாமல் போனது என்பதை ஓரிரு வரிகளில் எழுதி அனுப்பவும். அடுத்த முறை அது நேராமல் ஏற்பாடு செய்யவே கேட்கிறேன்.” கடைசிப் பகுதி மூலத்தில் இல்லையே என்று நீங்கள் கேட்பது நியாயம். அதைச் சேர்ப்பதற்கு முன்பு பொறியாளரிடம் “காரணம் அறிவதற்காகத்தானே கேட்கிறீர்கள், அதை ஒரு வரியில் சொல்லட்டுமா?” என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் “அதற்குத்தான், வேறு எதற்கு?” என்று வியப்புடனேயே பதில் வரும். உண்மையிலேயே அவர் கோபத்தில் கேட்டிருந்தால், நீங்கள் அந்த வரியைச் சேர்க்கக் கூடாது.

‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பதில் மிருதுவாக்குவதற்கு எதுவுமே இல்லை. ‘முடிந்தால்’, ‘கூடுமானவரை’ போன்ற எந்தச் சொல்லையும் மரியாதைக்காகக்கூடச் சேர்க்காதீர்கள். வெள்ளி காலையா மாலையா என்று கேட்டு, “வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள்” என்று எழுதிவிடுங்கள்.

கடைசி வாக்கியத்தில்தான் மொழிபெயர்ப்பு உள்ளதையே கெடுத்திருக்கிறது. வெல்டிங் ‘இன் ஓர்ட்னுங்’ என்று அவர் எழுதியிருந்தார். ஒழுங்காக இருக்கிறது, தேவையான தரத்தை எட்டிவிட்டது என்பது அதன் பொருள். அதைப் ‘பரவாயில்லை’ என்று எழுதினால், ‘ஏதோ தேறியது’ என்றாகிறது. “வெல்டிங் இணைப்புகள் அனைத்தும் தரத்திற்கு ஏற்பச் சரியாக உள்ளன” என்பதே உண்மை. இதே வகையில் ‘நிஷ்ட் ஷ்லெஷ்ட்’ என்பதும் ஏமாற்றும். ‘மோசமில்லை’ என்று அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழில் குறைபோலக் கேட்கும். ஜெர்மன் வாயில் அது பல சமயம் நல்ல பாராட்டு. திட்டாமல் இருந்தாலே போதிய பாராட்டு என்று ஜெர்மனியின் தென்மேற்கே ஷ்வாபியப் பகுதியில் ஒரு பழமொழியே உண்டு. நேர்மாறாக, ‘உள்ளபடி பார்த்தால்’ என்று பொருள்படும் ‘ஐகென்ட்லிஷ்’ என்ற சொல் பாராட்டுக்கு முன்னால் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். ‘ஐகென்ட்லிஷ் நன்றாக இருக்கிறது’ என்றால், பின்னால் ஒரு ‘ஆனால்’ காத்திருக்கிறது.

பாராட்டு வரியைத் தமிழில் முன்னால் கொண்டுவரலாமா என்றால், தாராளமாகக் கொண்டுவரலாம். ஜெர்மன் கடிதம் சிக்கலில் தொடங்கும். நமக்கு நல்லதைக் கேட்ட பிறகே கெட்டதைக் கேட்கும் தெம்பு வருகிறது. ஆனால் முன்னால் வரும் பாராட்டு ஒரே வாக்கியமாக இருக்கட்டும். அதை நான்கு வாக்கியமாக நீட்டினால், அறிக்கை ஏற்கப்படவில்லை என்ற செய்தி கீழே போய் அமுங்கிவிடும்.

ஆக, நான் இந்தக் கடிதத்தை இப்படிக் கொடுப்பேன்: “வணக்கம். வெல்டிங் இணைப்புகள் அனைத்தும் தரத்திற்கு ஏற்பச் சரியாக உள்ளன. ஆனால் சோதனை அறிக்கையை இப்போதுள்ள வடிவில் ஏற்க இயலாது. அதில் மூன்று த்ரோட் அளவுகள் விடுபட்டுள்ளன. மேலும், மூன்றாவது இணைப்புக்கு முன்பு நான்காவது போடப்பட்டுள்ளது. திட்டத்திலுள்ள வரிசையிலேயே போட வேண்டும். இவை முன்கூட்டியே தெரிவிக்கப்படவில்லை. எதனால் தெரிவிக்க முடியாமல் போனது என்பதை எழுதவும். அடுத்த முறை அது நேராமல் ஏற்பாடு செய்யவே கேட்கிறேன். திருத்திய அறிக்கையை வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குள் அனுப்பவும்.” அனுப்புவதற்கு முன், ஜெர்மன் மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் இதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அறிக்கை ஏற்கப்பட்டதா, என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், எழுதியவர் கோபமாக இருக்கிறாரா என்று கேளுங்கள். முதல் மூன்றில் ஒன்றுக்கேனும் அவர் தடுமாறினால் அளவுக்கு மீறிப் பதமாக்கிவிட்டீர்கள். கோபமாக இருக்கிறார் என்று சொன்னால், எந்தச் சொல்லில் அப்படித் தோன்றியது என்று கேட்டு அதை மாற்றுங்கள்.

விளிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல ஜெர்மன் நிறுவனங்களில் இப்போது சக ஊழியர்கள் ஒருவரையொருவர் ‘டு’ என்றே அழைக்கிறார்கள். அகராதியில் அதற்கு ‘நீ’ என்று இருக்கும். அந்தப் பொறியாளர் ‘டு’ என்பதன் மூலம் ‘நாம் இருவரும் சமம்’ என்கிறார். தமிழில் அவர் ‘நீ’ என்றால் ‘நீ எனக்குக் கீழே’ என்றாகும். எனவே ‘டு’ வந்தாலும் ‘நீங்கள்’ என்றே எழுதுங்கள். டெக்னீஷியன் திரும்ப அவரைச் ‘சார்’ என்று அழைப்பதை ஜெர்மனில் பெயர் சொல்லி அழைப்பதாக மாற்றுவதிலும் தவறில்லை.

நேரில் பெயர்த்துச் சொல்லும்போது நிலைமை கடினமாகிறது, ஏனென்றால் அங்கே சொற்களைவிட இடம்தான் அதிகம் காயப்படுத்துகிறது. ஷிஃப்டில் இளையவர்கள் சூழ நிற்கும்போது மூத்த வெல்டரின் அறிக்கையை ஏற்க இயலாது என்று எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் அது அவமானம்தான். அந்த நேரத்தில் நீங்களாகவே பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வது கூடாது. பொறியாளர் தாம் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டு போய்விடுவார். கூட்டத்துக்கு முன்பே அவரிடம் பேசி, ஒரு தனிநபரின் வேலையைப் பற்றிய குறையைத் தனியே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்வதே வழி. காரணத்தை அவருடைய மொழியிலேயே சொல்லுங்கள்: பத்துப் பேர் முன்னால் கேட்டால் மன்னிப்பு மட்டுமே கிடைக்கும், தனியாகக் கேட்டால் காரணம் கிடைக்கும். அவருக்குத் தேவை காரணம் என்பதால் இதை ஏற்றுக்கொள்வார். இதே காரணத்தால், டெக்னீஷியனுக்குரிய கடிதத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவதையும் தடுத்துவிடுங்கள்.

ஜெர்மானியர்கள் எல்லா இடத்திலும் பட்டவர்த்தனமாகவே பேசுவார்கள் என்று எண்ணிவிடவும் கூடாது. பணியிலிருந்து விலகுபவருக்கு அங்கே கொடுக்கும் நற்சான்றிதழ், படிப்பவரை ஏமாற்றும் மறைபொருள் வாசகம் இல்லாமல் தெளிவாக இருக்க வேண்டும் என்று அவர்களுடைய தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றங்களோ அது நல்லெண்ணத்துடனும் இருக்க வேண்டும் என்கின்றன. இரண்டுக்கும் நடுவே வளர்ந்த வழக்கப்படி, ‘எப்போதும் எங்களது முழுமுதல் திருப்திக்கு ஏற்ப’ என்றிருந்தால் மிக நன்று. ‘எங்கள் திருப்திக்கு ஏற்ப’ என்று மட்டும் இருந்தால் சுமார். ‘முயற்சி எடுத்துக்கொண்டார்’ என்றிருந்தால் வேலை தேறவில்லை என்று பொருள். உங்களிடம் அப்படியொரு சான்றிதழ் வந்தால், அந்த வாசகத்தை உள்ளபடி பெயர்த்துவிட்டு அதன் வழக்கமான பொருளைத் தனிக் குறிப்பாக எழுதிக்கொடுங்கள்.

இனி எதிர்த் திசை. பலரும் இதைக் கவனிப்பதில்லை. உண்மையான இழப்பு இங்கேதான் அதிகம். வெல்டிங் செய்யும்போது பாகத்தைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சரைப் பற்றி டெக்னீஷியன் பொறியாளரிடம், “சார், இந்த ஃபிக்ஸ்சர் கொஞ்சம் டைட்டா இருக்கு, பாத்தா நல்லா இருக்கும்” என்கிறார். இதை அப்படியே ஜெர்மனில் சொன்னால், அவசரமில்லாத ஒரு விருப்பம் என்று குறித்துக்கொண்டு பொறியாளர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். தமிழில் இந்தக் ‘கொஞ்சம்’ ஒவ்வொரு பாகத்துக்கும் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது என்பதைக்கூடக் குறிக்கலாம். எந்த அளவுக்கு என்று நீங்கள் ஊகிக்காதீர்கள், கேளுங்கள்: எத்தனை பாகத்துக்கு ஒருமுறை சிக்குகிறது, அப்போது லைன் நிற்கிறதா, எவ்வளவு நேரம்? கிடைத்த எண்ணை வைத்து, “ஃபிக்ஸ்சர் சிக்குகிறது, பத்துப் பாகங்களில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் வேலை நிற்கிறது” என்ற வடிவில் கொடுங்கள். டெக்னீஷியன் யாரையும் குறை சொன்னதாகவும் ஆகாது, பொறியாளருக்கு வேண்டிய தகவலும் போய்விடும். ‘சரிங்க சார்’ என்பதை ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று பெயர்ப்பதும் இதே வகைப் பிழை. நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு மேல் பல சமயம் அதில் ஒன்றுமில்லை; ஒப்புதலா என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

நாம் எடுத்துக்கொண்ட கடிதத்துக்கே டெக்னீஷியன், “மன்னிக்கவும் சார். இனி இப்படி நடக்காது. உடனே அனுப்புகிறேன்” என்று பதில் எழுதுகிறார் என்று வையுங்கள். நம் கணக்கில் இது முழுமையான, மரியாதையான பதில். பொறியாளர் கணக்கில், கேட்ட காரணமும் இல்லை, தேதியும் இல்லை. இதை அப்படியே ஜெர்மனில் அனுப்பினால், கேள்வியிலிருந்து நழுவுகிறார் என்ற எண்ணமே அவருக்கு வரும். அனுப்புவதற்கு முன் டெக்னீஷியனிடம் போய் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று சாவகாசமாகக் கேளுங்கள். அன்று வெல்ட் கேஜ் காலிபரேஷனுக்குப் போயிருந்தது, அதனால் மூன்று அளவுகளை எடுக்க முடியவில்லை, நான்காவது இணைப்பை முதலில் போட்டதும் ஃபிக்ஸ்சர் சிக்கியதால்தான், இரண்டையும் ஷிஃப்ட் இன்சார்ஜிடம் வாயால் சொல்லியிருந்தேன் என்று அவர் சொல்லக்கூடும். அவர் சம்மதத்துடன் அதையே எழுதுங்கள்: மன்னிப்பு ஒரு வரி, கேஜ் இல்லாதது ஒரு வரி, ஃபிக்ஸ்சர் சிக்கியது ஒரு வரி, வாய்மொழியாகச் சொன்ன தகவல் மேலே போகவில்லை என்பது ஒரு வரி, வெள்ளி மாலை 5 மணிக்குள் திருத்திய அறிக்கை வரும் என்பது ஒரு வரி. இதைப் படித்த பொறியாளர் அடுத்துக் கேட்கப்போவது டெக்னீஷியனைப் பற்றி அல்ல. காலிபரேஷன் நாட்களில் மாற்று கேஜ் ஏன் இல்லை, ஷிஃப்டில் வாயால் சொல்லப்படும் தகவலை யார் எழுதி வைக்கிறார்கள் என்பதைத்தான்.